ஆலிவ் எண்ணெய் ஆய்வை ஜர்னல் கிளப்பில் எப்படித் துருவிக் கேட்பது?

கேள்வி: எம்.டி. முதலாம் ஆண்டு. அடுத்த வாரம் எங்கள் துறை ஜர்னல் கிளப்பில் மெடிட்டரேனியன் உணவு பற்றிய ப்ரெடிமெட் ஆய்வை எடுக்கிறார்கள். நான் வாசிப்பவன் இல்லை, கேள்வி கேட்க வேண்டியவன். "சாம்பிள் சைஸ் போதுமா", "நம்ம ஊருக்குப் பொருந்துமா" என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றவில்லை. மெதட்ஸ் பகுதியை உருப்படியாகக் கேள்வி கேட்பது எப்படி?

பதில்:

நீங்கள் சொன்ன இரண்டு கேள்விகளும் தப்பில்லை. ஆனால் எந்தக் கட்டுரையைப் படிக்காமலும் அவற்றைக் கேட்டுவிடலாம், அதனால்தான் வாசிப்பவரும் படிக்காமலே பதில் சொல்லிவிடுகிறார். ஆய்வுமுறையைப் பற்றிய கேள்வி கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நீங்கள் சுட்டும் குறை உண்மையென்றால், முடிவு எந்தப் பக்கம் சாயும்? மருந்து அல்லது உணவு உள்ளதைவிட நல்லதாகத் தெரியுமா, மோசமாகத் தெரியுமா? எவ்வளவு? இதற்கு விடை சொல்ல முடியாத கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ப்ரெடிமெட் இதற்குப் பழக நல்ல கட்டுரை, ஏனென்றால் அதில் உண்மையாகவே ஒரு கோளாறு நடந்தது. முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. அது நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2013-இல் வந்தது. 2018 ஜூனில் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்று, மறு ஆய்வு செய்த வடிவத்தை அதே இதழில் வெளியிட்டார்கள். கூட்டத்துக்கு யாராவது 2013 பிடிஎஃப்-ஐக் கொண்டுவர வாய்ப்பு அதிகம். எனவே முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: "சார், இது எந்த ஆண்டு வடிவம்?" இரண்டு வடிவங்களையும் அச்செடுத்து அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். சப்ளிமெண்டும் புரோட்டோகாலும் இல்லாமல் மெதட்ஸ் பற்றிப் பேச உட்காராதீர்கள். கேள்விகளுக்கான விடைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் கிடக்கும்.

ஆய்வின் சட்டகம் இதுதான். ஸ்பெயினில் 11 மையங்கள். இதய நோய் வரும் அபாயம் அதிகம் உள்ள, ஆனால் இன்னும் வராத 7,447 பேர். ஆண்கள் 55 முதல் 80 வயது, பெண்கள் 60 முதல் 80. மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு மெடிட்டரேனியன் உணவு ஆலோசனையோடு குடும்பத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் இலவசம். இன்னொன்றுக்கு அதே ஆலோசனையோடு தினம் 30 கிராம் கொட்டைகள்: வால்நட் 15, ஹேசல்நட் 7.5, பாதாம் 7.5. மூன்றாவது கண்ட்ரோல் குழு. கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையும், உணவல்லாத சின்னச் சின்னப் பரிசுப் பொருள்களும் அவர்களுக்கு. மாரடைப்பு, பக்கவாதம், இதய-ரத்தநாள நோயால் மரணம் மூன்றையும் சேர்த்த ஒரே கணக்குதான் முதன்மை விளைவு. இடைக்கால ஆய்வின் முடிவைப் பார்த்து, சராசரியாக 4.8 ஆண்டுகளில் (மீடியன்) நிறுத்திவிட்டார்கள்.

குலுக்கல் முதல் கண்ணி. "ரேண்டமைஸ்டா?" என்று கேட்காதீர்கள். "ஆமாம்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்துவிடும். மூன்றாக உடைத்துக் கேளுங்கள். வரிசையை உருவாக்கியது யார்? அடுத்து எந்தக் குழு வரப்போகிறது என்பது நோயாளியைச் சேர்க்கும் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வழி இருந்ததா? குலுக்கப்பட்டது எது: ஆளா, குடும்பமா, கிளினிக்கா?

ப்ரெடிமெட் சறுக்கியது மூன்றாவது கேள்வியில். ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவரைக் குலுக்காமல், முதலில் சேர்ந்தவரின் குழுவிலேயே போட்டார்கள். நடைமுறையில் இதற்கு நியாயம் இருக்கிறது: கணவனுக்கு ஆலிவ் எண்ணெய், மனைவிக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடு என்று ஒரே அடுப்பில் சமைக்க முடியாது. ஆனால் 2013 கட்டுரையில் அது சொல்லப்படவில்லை. இதைவிடப் பெரியது, ஒரு மையத்தில் ஆளுக்கு ஆள் குலுக்காமல் கிளினிக் கிளினிக்காகவே ஒரு குழுவை ஒதுக்கியிருந்தார்கள். காரணம் புரிகிறது. ஒரே ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்ணெய் கேன் போகிறது, எனக்கு ஒரு பரிசுப் பொருள் என்றால் முணுமுணுப்பு வராதா? இன்னொரு மையத்தில் குலுக்கல் அட்டவணையைச் சீராகப் பயன்படுத்தவில்லை என்ற சந்தேகமும் இருந்தது.

இது எப்படி வெளியே வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அதே பார்வையை நீங்களும் பயன்படுத்தலாம். ஜான் கார்லைல் என்ற இங்கிலாந்து மயக்கவியல் மருத்துவர் 2017-இல் 5,087 ஆய்வுகளின் தொடக்க நிலை அட்டவணைகளை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். நேர்மையாகக் குலுக்கினால், தொடக்கத்தில் குழுக்களுக்கு இடையே வயது, எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் வரும் வேறுபாடுகள் தற்செயல் அளவிலேயே இருக்க வேண்டும். அளவுக்கு மீறி வேறுபட்டாலும் சந்தேகம், அளவுக்கு மீறி ஒத்திருந்தாலும் சந்தேகம். ப்ரெடிமெட் அந்த வலையில் சிக்கியது. ஆசிரியர்கள் மையங்களுக்குத் திரும்பிப் போய்ப் பதிவேடுகளைப் பார்த்தபோதுதான் மேலே சொன்னவை தெரியவந்தன.

கூட்டத்தில் இதை முரட்டுத்தனமாகப் பயன்படுத்த வேண்டாம். முதல் அட்டவணையில் ஒரே ஒரு வரியில் p 0.03 இருந்தால் அது எதையும் காட்டவில்லை. 20 வரிக்கு ஒன்று அப்படி வரத்தான் செய்யும். பல வரிகள் ஒரே திசையில் விலகினால்தான் பேச்சு. ஸ்டாண்டர்ட் எரரை ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று தவறாக அச்சிட்டாலும் இந்தக் கணக்கு அலறும், கார்லைலின் வலையில் சிக்கிய சில கட்டுரைகளில் காரணம் அவ்வளவு எளிமையாக இருந்தது. ஆகவே "இது ஸ்டாண்டர்ட் டீவியேஷன்தானா?" என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். ஆயிரம் பேர் கொண்ட குழுவில் வயதின் எஸ்டி 0.2 என்று இருந்தால் அது எரர். 60 முதல் 80 வயது வரை உள்ளவர்களின் எஸ்டி 5, 6 என்றுதான் இருக்க முடியும்.

இப்போது நம் சோதனை: குலுக்கல் கெட்டதால் முடிவு எந்தப் பக்கம் சாயும்? இரண்டு தனித்தனி விளைவுகள் உண்டு, கூட்டங்களில் இவற்றைக் குழப்பிவிடுவார்கள்.

ஒன்று, துல்லியம் குறைவது. ஒரே வீட்டில், ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒருவரைப் போலவே மற்றவர் சாப்பிடுவார்கள், ஒரே டாக்டரிடம் போவார்கள். நூறு பேர் என்று எண்ணினாலும் நூறு தனித்தனிச் சாட்சிகள் கிடைக்கவில்லை. எவ்வளவு இழப்பு என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு:

```
1 + (m - 1) × ρ
```

m என்பது ஒரு கொத்தில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. ρ அவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு. மனதில் பதிய ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கணவன் மனைவி ஜோடிகள் என்றால் m 2. ρ தாராளமாக 0.1 என்றே வைத்தாலும் விடை 1.1. 400 பேர் 364 பேராகக் குறைகிறார்கள், பெரிய நஷ்டமில்லை. ஒரு கிளினிக்குக்கு 40 பேர், ρ வெறும் 0.02 என்றால் விடை 1.78. அதே 400 பேர் சுமார் 225 பேராகிவிடுகிறார்கள். ஆகவே ஜோடிகளைப் பற்றி நீளமாகப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், கிளினிக்கைப் பற்றிக் கேளுங்கள். இந்த இழப்பு கான்ஃபிடென்ஸ் இடைவெளியை அகலமாக்கும். முடிவை ஒரு பக்கமாகச் சாய்க்காது.

சாய்ப்பது இரண்டாவது விளைவு. இந்தக் கிளினிக்குக்கு எண்ணெய்தான் என்று முன்பே தெரிந்துவிட்டால், யாரைச் சேர்ப்பது என்பதில் டாக்டரின் கை தெரியாமலே உள்ளே வந்துவிடுகிறது. சொன்னதைக் கேட்கக்கூடிய, நடமாடக்கூடிய ஆட்களை எண்ணெய்க்குச் சேர்த்தால் உணவு உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். "பாவம், இவருக்கு நிஜமாகவே தேவை" என்று நோய் முற்றியவர்களைச் சேர்த்தால் மோசமாகத் தெரியும். கட்டுரையை மட்டும் வைத்து எது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வியை இப்படி வைக்கலாம்: "மேடம், அந்த மையத்தை எடுத்துவிட்டால் ரேஷியோ எந்தப் பக்கம் நகருது?"

2018 வடிவத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. விதிமீறல் உறுதியாகவோ சந்தேகமாகவோ இருந்த 1,588 பேரை நீக்கிப் பார்த்தார்கள், முடிவு மாறவில்லை. எல்லாரையும் வைத்துச் செய்த கணக்கில் ஹசார்ட் ரேஷியோ எண்ணெய்க் குழுவுக்கு 0.69 (0.53 முதல் 0.91), கொட்டைக் குழுவுக்கு 0.72 (0.54 முதல் 0.95). இங்கே பலர் "அப்போ பிரச்சினை இல்லை" என்று முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். நீக்கிய பின்னும் மாறவில்லை என்பது தெரிந்த கோளாறுக்குத்தான் பதில். மற்ற மையங்கள் நேராக நடந்தன என்பதற்கு அது சான்றாகாது. ஆசிரியர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்: உணவு நிகழ்வுகளைக் "குறைத்தது" என்று 2013-இல் எழுதியவர்கள், 2018-இல் அந்த உணவு ஒதுக்கப்பட்டவர்களிடையே நிகழ்வுகள் "குறைவாக இருந்தன" என்று மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வாக்கியங்களையும் சத்தமாக வாசித்துக் காட்டி, "ஏன் சார் வினைச்சொல் மாறிச்சு?" என்று கேட்டாலே போதும், பத்து நிமிடம் நல்ல பேச்சு நடக்கும்.

அடுத்து கண்ட்ரோல் குழு. எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைக் கட்டுரையின் தலைப்பை நம்பி முடிவு செய்யக்கூடாது. மெடிட்டரேனியன் குழுக்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உணவு ஆலோசகரின் சந்திப்பு. கண்ட்ரோல் குழுவுக்கு முதல் சில ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்தான். 2006 அக்டோபருக்குப் பிறகுதான் அவர்களுக்கும் அதே அளவு சந்திப்புகள் என்று புரோட்டோகாலைத் திருத்தினார்கள். ஆக முதல் பாதியில் ஒப்பிடப்பட்டது எண்ணெயும் கொழுப்பு குறைந்த உணவும் அல்ல. ஒரு பக்கம் எண்ணெயும் அடிக்கடி கவனிப்பும், இன்னொரு பக்கம் அரைகுறைக் கவனிப்பு. அடிக்கடி ஆலோசகரைப் பார்ப்பவர் பிரஷர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவார். சாய்வு உணவுக்குச் சாதகமாக. கேட்க வேண்டியது: "2006 அக்டோபருக்கு முன்னாடி சேர்ந்தவங்க, பின்னாடி சேர்ந்தவங்கன்னு பிரிச்சுப் பாத்தாங்களா?" கண்ட்ரோல் குழு உண்மையில் கொழுப்பைக் குறைத்ததா என்பதையும் சப்ளிமெண்டின் உணவு அட்டவணையில் பாருங்கள். பெரிதாகக் குறையவில்லை. எனவே "கொழுப்பு குறைந்த உணவைவிட மெடிட்டரேனியன் உணவு மேல்" என்று ஸ்லைடில் யாராவது எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இனிமேல் வருவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பெரும்பாலான ஜர்னல் கிளப்புகள் குலுக்கல் விவகாரத்திலேயே மயங்கி இதைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. யார் பாதியில் விலகினார்கள் என்ற கேள்வி.

கண்ட்ரோல் குழுவில் 11.3 சதவீதம் பேர் பாதியில் விலகினார்கள். மெடிட்டரேனியன் குழுக்களில் 4.9 சதவீதம். இலவச எண்ணெய் கிடைப்பவர் ஏன் விலகப்போகிறார்? இரு பக்கமும் சமமாக விலகியிருந்தால்கூடக் கேள்வி உண்டு. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் என்றால் கட்டாயம் உண்டு. பேனாவை எடுத்து முடிவு அட்டவணையிலிருந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குழுவில் 2,543 பேர், 96 நிகழ்வுகள், 11,852 ஆள்-ஆண்டுகள். கொட்டைக் குழுவில் 2,454 பேர், 83 நிகழ்வுகள், 10,365 ஆள்-ஆண்டுகள். கண்ட்ரோல் குழுவில் 2,450 பேர், 109 நிகழ்வுகள், 9,763 ஆள்-ஆண்டுகள். ஆள்-ஆண்டு என்பது ஒவ்வொருவரையும் எத்தனை ஆண்டு கண்காணித்தார்களோ அதன் கூட்டல்.

முதலில் ஆளால் வகுங்கள். எண்ணெய் 3.8 சதவீதம், கண்ட்ரோல் 4.4 சதவீதம். விகிதம் சுமார் 0.85, அதாவது 15 சதவீதக் குறைவு. இப்போது ஆள்-ஆண்டால் வகுங்கள். ஆயிரம் ஆள்-ஆண்டுக்கு எண்ணெய் 8.1, கண்ட்ரோல் 11.2. விகிதம் 0.73, அதாவது 27 சதவீதக் குறைவு. அதே நிகழ்வுகள், வேறு வகுஎண். பலன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. கட்டுரையின் 0.69 இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆள்-ஆண்டை ஆளால் வகுத்தால் விடை தெரியும். எண்ணெய்க் குழுவில் ஒருவரைச் சராசரியாக 4.66 ஆண்டு பார்த்திருக்கிறார்கள், கண்ட்ரோலில் 3.98 ஆண்டுதான். எட்டு மாதம் குறைவு. ஆள்-ஆண்டு முறை தவறு என்று சொல்லவில்லை. கண்காணிப்பு நீளம் வேறுபடும்போது அதுதான் சரியான முறை. ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பார்வையிலிருந்து மறைந்தவர்களுக்கு, மறைந்த பிறகு, இருந்தவர்களுக்கு வந்த அதே வேகத்தில்தான் நோய் வந்திருக்க வேண்டும். சென்சாரிங் நோயோடு தொடர்பில்லாதது என்று புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோவது இதைத்தான்.

அந்த நிபந்தனையைத் தளர்த்திப் பார்ப்போம். கண்ட்ரோல் குழுவையும் 4.66 ஆண்டு பார்த்திருந்தால் 11,417 ஆள்-ஆண்டு கிடைத்திருக்கும். கையில் இருப்பது 9,763. காணாமல் போனது ஏறக்குறைய 1,654. அந்தக் காலத்தில் மற்றவர்களைப் போலவே ஆயிரத்துக்கு 11.2 என்ற வேகத்தில் நோய் வந்திருந்தால் விகிதம் 0.73-ஆகவே நிற்கும். ஆயிரத்துக்கு 4 மட்டுமே வந்திருந்தால் கூடுதலாக ஏழு நிகழ்வு, விகிதம் 0.80. ஒன்றுமே வரவில்லை என்றால் 0.85. மறுபக்கம், விலகியவர்கள் நோய் கூடியவர்களாக இருந்து ஆயிரத்துக்கு 20 வந்திருந்தால் விகிதம் 0.65, அதாவது கட்டுரை பலனைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. இது வெறும் தோராயம்தான். காக்ஸ் மாடல் மையம், பாலினம், புகைப்பழக்கம் என்று சிலவற்றைச் சரிசெய்கிறது, நான் எதையும் சரிசெய்யவில்லை. ஆனால் கேள்வியின் எடை எவ்வளவு என்பது இதில் தெரிந்துவிடும். 0.65-க்கும் 0.85-க்கும் இடையில் எங்கே நிற்கிறோம் என்பதை, நாம் பார்க்காத ஆட்கள் தீர்மானிக்கிறார்கள்.

அப்படியானால் விலகியவர்கள் யார்? கட்டுரையே சொல்கிறது: இருந்தவர்களைவிடச் சற்று வயது குறைந்தவர்கள், ஆனால் பருமன் கூடியவர்கள், மெடிட்டரேனியன் உணவுப் பழக்கம் குறைந்தவர்கள். இளம் வயது ஒரு பக்கம் இழுக்கிறது, பருமன் மறுபக்கம் இழுக்கிறது. நேர்மையான விடை, திசை தெளிவாக இல்லை என்பதுதான். இங்கே ஒரு நல்ல பின்தொடர் கேள்வி உண்டு. சந்திப்புக்கு வராமல் நின்றவருக்குப் பிறகு மாரடைப்பு வந்தால் அது கணக்கில் சேர்ந்ததா? நிகழ்வுகளைத் திரட்டப் பங்கேற்பாளர்களோடு தொடர்பு, குடும்ப டாக்டர், மருத்துவப் பதிவேடு, நாட்டின் மரணப் பதிவேடு என்று பல வழிகளை வைத்திருந்தார்கள். அப்படியென்றால் சந்திப்பை விட்டவர் எல்லாரும் கணக்கை விட்டவர் அல்ல. இரண்டையும் வேறுபடுத்தாமல் "டிராப்-அவுட் அதிகம்" என்று மட்டும் சொல்வது பாதிக் கேள்வி.

எண்களில் இன்னொன்றும் உறுத்துகிறது. கொட்டைக் குழுவின் சராசரி கண்காணிப்பு 4.22 ஆண்டு. அவர்களும் மெடிட்டரேனியன் குழுதான், அவர்களுக்கும் இலவசப் பொருள்தான், பிறகு ஏன் எண்ணெய்க் குழுவைவிட ஐந்து மாதம் குறைவு? விலகல் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. சேர்ந்த தேதிகள் மூன்று குழுக்களிலும் ஒரே மாதிரிப் பரவியிருந்தனவா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒழுங்காகக் குலுக்கியிருந்தால் ஒரே மாதிரி இருந்திருக்கும். பார்த்தீர்களா, வகுஎண்ணைத் துருவப் போய்க் குலுக்கலுக்கே திரும்பி வந்துவிட்டோம். 2018 வரை காத்திருக்காமல், 2013 கட்டுரையின் ஒரே அட்டவணையை வகுத்துப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம்.

கூட்டு விளைவைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, பிரித்துப் பார்த்தால் போதும். பக்கவாதம்: எண்ணெய் 49, கொட்டை 32, கண்ட்ரோல் 58. மாரடைப்பு: 37, 31, 38. இதய-ரத்தநாள மரணம்: 26, 31, 30. எல்லாக் காரண மரணமும்: 118, 116, 114. முழு முடிவையும் தூக்கி நிறுத்துவது பக்கவாதம் ஒன்றுதான். "இதயத்தைக் காக்கும் உணவு" என்று ஸ்லைடில் இருந்தால், மாரடைப்பு வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, நீங்களே விழுந்துவிடாதீர்கள். மரண எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றுபோலத் தெரிவதால் "மரணத்தில் வித்தியாசமே இல்லை" என்று சொல்லத் தோன்றும். மேலே போட்ட அதே வகுத்தலைப் போட்டால் ஆயிரம் ஆள்-ஆண்டுக்கு 10.0, 11.2, 11.7 என்று வரும். எந்த வகுஎண்ணை எடுப்பது என்பதில் பக்கவாதத்துக்கு ஒரு நியாயம், மரணத்துக்கு இன்னொரு நியாயம் என்று பேசக்கூடாது. "மரணத்தில் தெளிவான வித்தியாசம் காட்டப்படவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளைவை முடிவு செய்த குழுவுக்கு யார் எந்த உணவில் இருந்தார்கள் என்பது மறைக்கப்பட்டிருந்தது, அது நல்லது. ஆனால் குழுவின் மேஜைக்கு எந்தக் கோப்பு போகிறது என்பதை மறைக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவரிடம் "போன வாரம் கை மரத்துப்போச்சு" என்ற பேச்சு வரும், ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவரிடம் வராது. இதன் சாய்வு உணவுக்கு எதிரானது. எண்ணெய்க் குழுவில்தான் அதிக நிகழ்வு பதிவாகியிருக்க வேண்டும், ஆனாலும் அங்கே குறைவாகவே இருக்கிறது. எல்லாக் கோளாறும் ஆய்வாளருக்குச் சாதகமாகவே சாயும் என்ற நினைப்போடு போனால் இந்த மாதிரிப் புள்ளிகள் கண்ணில் படாது. இதையும் எடுத்துச் சொல்பவரின் மற்ற கேள்விகளுக்குத்தான் மதிப்பு கூடும்.

பாதியில் நிறுத்தியதைப் பற்றி ஒரு கேள்வி: நிறுத்தும் எல்லையை முன்பே எழுதி வைத்திருந்தார்களா, எத்தனையாவது இடைக்கால ஆய்வில் அதைத் தொட்டார்கள்? எண்கள் ஏறி இறங்கும்போது, உச்சத்தில் இருக்கும் தருணத்தில் நிறுத்தினால் பலன் சற்றுப் பெரிதாகவே தெரியும். மொத்தம் 288 நிகழ்வுகள் என்பது மூன்று குழுக்களுக்கு அப்படி ஒன்றும் அதிகமில்லை, எனவே இந்தப் பெரிதாக்கம் இங்கே இருக்க வாய்ப்புண்டு.

கடைசியாக நடைமுறை. எல்லாவற்றையும் நீங்களே கேட்காதீர்கள், ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு கேள்விதான் தாங்கும். நான் தேர்ந்தெடுப்பதென்றால் விலகியவர்களின் கேள்வியை முதலில் வைப்பேன், கிளினிக் ஒதுக்கீட்டை இரண்டாவதாக. இரண்டும் ஒரே நூலில் இருப்பதால் ஒன்று மற்றதற்கு இட்டுச்செல்லும். வாசிப்பவருக்கு முந்தின நாளே "மேடம், முடிவு அட்டவணையில ஆள்-ஆண்டு வரியைப் பத்திக் கேக்கப்போறேன்" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். எதிர்பாராமல் கேட்டால் அவர் "லிமிடேஷன்ஸ்ல சொல்லியிருக்காங்க" என்று நழுவ வேண்டியிருக்கும். முன்பே தெரிந்தால் சப்ளிமெண்டைத் திறந்து வைத்துக்கொண்டு வருவார். போர்டில் மூன்று குழுக்களின் ஆள், நிகழ்வு, ஆள்-ஆண்டு ஒன்பது எண்களையும் எழுதி, வகுத்தலை அங்கேயே எல்லாரையும் போடச் சொல்லுங்கள். 0.85-உம் 0.73-உம் ஒரே அட்டவணையிலிருந்து வருவதைத் தங்கள் கையால் பார்த்த பிறகு, எது சரி என்ற வாதத்தை நீங்கள் தொடங்கி வைக்க வேண்டியதில்லை.